வீடு விற்பனைக்கு வருகிறது என்று குடியிருப்பவரிடம் சொல்வது

நங்கநல்லூரில் எனக்கும் என் தங்கைக்கும் பொதுவாக இருந்த இரண்டு படுக்கையறை அடுக்ககத்தை விற்பது என்று கடந்த ஆண்டு அக்டோபரில் முடிவு செய்தோம். அப்பா வாங்கிய வீடு அது. 2019 முதல் ஒரே குடும்பம் அதில் வாடகைக்கு இருந்தது: கணவன், மனைவி, அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு பெண் குழந்தை. ஆறு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்துவிட்டு, "சார், வீட்டை விக்கறதா இருக்கோம், ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், அக்ரிமெண்ட் மார்ச் வரைக்கும் இருக்கே" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. 2024 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை இருபத்து நான்கு மாதங்களுக்கு நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என் அலமாரியில்தான் இருந்தது. நான் அதை எடுத்துப் படிக்காமலே பேசிவிட்டேன்.

மறுநாள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோது, நான் இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பியிருக்கிறேன் என்று விளக்கினார். வீடு விற்பனைக்கு வருகிறது என்பது ஒரு தகவல். வீட்டைக் காலி செய்யுங்கள் என்பது ஒரு கோரிக்கை. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகப் பிறப்பதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாடகைக்கு விட்ட சொத்தை ஒருவர் விற்றால், அவருடைய இடத்தில் வாங்கியவர் வந்து நிற்கிறார். வாடகை வாங்கும் உரிமையும் அவருக்கு வருகிறது, ஒப்பந்தத்தில் வீட்டுக்காரருக்கு உள்ள கடமைகளும் அவருக்கு வந்துசேர்கின்றன. குடியிருப்பவரின் ஒப்பந்தம் கிரயப் பத்திரம் பதிவாகும் நாளில் செத்துப்போவதில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும், சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடகைதாரரை வெளியேற்ற வேண்டுமானால், அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வாடகை பாக்கி வைப்பது, அறிவித்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவை அந்தக் காரணங்களில் உண்டு. "எனக்கு நல்ல விலை வந்திருக்கிறது" என்பது அவற்றில் இல்லை. ஆனால் அதே பிரிவில், சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு காரணமாக வைக்கப்பட்டிருக்கிறது. வாய்வார்த்தையிலேயே பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் விற்பனை என்ற பேச்சு எழும் நாளில் அவர்களுடைய நிலை என் வாடகைதாரரின் நிலையைவிடப் பலவீனமானது.

எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு இடையிலேயே விலகும் உரிமை வாடகைதாரருக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது, எனக்கு இல்லை. முத்திரைத்தாள் விற்பவர் கடையில் தட்டச்சு செய்து கொடுக்கும் மாதிரிப் படிவங்களில் அந்த உரிமை பெரும்பாலும் இரு தரப்புக்கும் இருக்கும். ஆகவே வீட்டுக்காரரும் வாடகைதாரரும் வாயைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது, அந்தத் தாளை எடுத்து முடிவுத் தேதி, அறிவிப்புக் காலம், அட்வான்ஸ் தொகை, வெள்ளையடிக்கும் கழிவு ஆகிய நான்கையும் ஒரு முறை படித்துப் பார்ப்பதுதான்.

விற்பவருக்கு உண்மையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, குடியிருப்பவரோடு சேர்த்து வீட்டை விற்பது. வாடகை வருமானத்துக்காக வாங்குபவருக்கு இது வசதி, ஆனால் அவர் விலையைக் குறைத்துக் கேட்பார். எங்களிடம் வந்த முதல் ஆள் அப்படித்தான் கேட்டார். மற்றொன்று, வீட்டைக் காலியாக ஒப்படைப்பது. தாமே குடியேறுவதற்காக வங்கிக் கடனில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு இரண்டாவது வழிதான் லாபம் என்பது தெரிந்தது; ஆனால் அதற்கான காலத்தை வாடகைதாரரின் ஒப்பந்தத்தை ஒட்டித்தான் அமைக்க வேண்டும், எங்கள் அவசரத்தை ஒட்டி அல்ல என்பதும் தெரிந்தது.

அதன் பிறகுதான் கடிதம் எழுதினேன். அக்டோபர் 25 தேதியிட்டு, உரிமையாளர்கள் இருவர் என்பதால் தங்கையின் கையெழுத்தையும் வாங்கி, விரைவுத் தபாலில் அனுப்பினேன். தபால் போய்ச் சேர்வதற்கு முன்பே நேரில் சென்று ஒரு நகலைக் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"தாங்கள் வாடகைக்கு இருந்துவரும் எங்கள் வீட்டை விற்பனை செய்ய நாங்கள் இருவரும் முடிவு செய்துள்ளோம் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம். இது தகவலுக்கான கடிதம். காலி செய்யக் கோரும் அறிவிப்பு அல்ல. தங்களுடைய வாடகை ஒப்பந்தம் 31.03.2026 வரை அதே வாடகையிலும் அதே நிபந்தனைகளிலும் தொடரும். அதற்கு முன்பே விற்பனை நிறைவேறினால், வாங்குபவரும் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராகவே வாங்குவார்.

31.03.2026க்குப் பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. தங்கள் மகளின் தேர்வுகளை முன்னிட்டு 30.04.2026 வரை தங்க விரும்பினால், அதை எழுத்தில் நீட்டித்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு முன்பே வேறு வீடு அமைந்தால், ஒப்பந்தத்தில் உள்ள இரண்டு மாத அறிவிப்புக்குப் பதிலாக ஒரு மாத அறிவிப்பு போதும். வீட்டைத் தாங்களே வாங்க விரும்பினால் 30.11.2025க்குள் தெரிவிக்கவும், அதுவரை வேறு எவரிடமும் முன்பணம் வாங்க மாட்டோம்.

தாங்கள் செலுத்தியுள்ள அட்வான்ஸ் தொகை ரூ.1,10,000 எங்களிடம் உள்ளது. விற்பனை எந்த நிலையில் இருந்தாலும் அதைத் திருப்பித் தரும் பொறுப்பு எங்களுடையது."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருந்தது. "காலி செய்யக் கோரும் அறிவிப்பு அல்ல" என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னவர் வழக்கறிஞர். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், படிப்பவர் மீதி எதையும் மனத்தில் வாங்காமல் அன்று மாலையே தரகரைத் தேடிப் போய்விடுவார் என்றார். ஏப்ரல் 30 என்ற தேதியைச் சேர்த்தவள் என் தங்கை. மார்ச் 31 என்பது காகிதத்துக்குச் சரியான தேதி, ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் மாதத்தில் பெட்டி கட்டச் சொல்ல முடியாது. நம் ஊரில் காலக்கெடு வைக்கும்போது நாட்காட்டியையும் பார்க்க வேண்டியிருக்கிறது: மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆடியிலும் மாட்டார்கள். டிசம்பர் கடைசியில் காலி செய்யுங்கள் என்று நான் தொலைபேசியில் கேட்டது, அதாவது நடு மார்கழியில், சட்டத்தின்படி மட்டுமல்ல, வழக்கத்தின்படியும் நடக்காத காரியம்.

வாங்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. காலி மனையை வாடகைக்கு எடுத்துத் தாமே கட்டடம் எழுப்பிக்கொண்டவர்களுக்கு 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை உண்டு. அடுக்ககத்தில் மாத வாடகைக்கு இருப்பவருக்கு அது பொருந்தாது. ஆனாலும் கேட்டோம், அவரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாலை இருவரும் அந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். விலை 68 லட்சம். அந்த அளவிலான கடனுக்கு வங்கிகள் மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் தரலாம் என்பதால், கைப்பணம் 13 லட்சத்து 60 ஆயிரம் வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு, அதாவது 6 லட்சத்து 12 ஆயிரம். இதற்கு எந்த வங்கியும் கடன் தராது. ஆக, கையில் ஏறக்குறைய 19 லட்சத்து 70 ஆயிரம் இருந்தால்தான் ஆரம்பிக்கவே முடியும். மீதி 54 லட்சத்து 40 ஆயிரத்துக்கு எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுத் தவணை என்றால், மாதம் 47 ஆயிரத்துக்கு மேல் போகும். அவர் கொடுத்துவந்த வாடகை 22 ஆயிரம். நவம்பர் 20 அளவில், முடியாது என்று நன்றியோடு எழுதி அனுப்பினார். அந்தப் பதில் எழுத்தில் வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பிற்பாடு "எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே வாங்கியிருப்போம்" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் வந்தது தரகரால். டிசம்பர் தொடக்கத்தில் அவர் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மாலை ஏழு மணிக்கு மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே மகள் மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். வாடகைதாரர் என்னிடம் சண்டை போடவில்லை, ஆனால் அன்று இரவு அவர் அனுப்பிய செய்தியில் "சார்" என்ற சொல் இல்லை. சட்டப்படி வீட்டுக்காரரே உள்ளே வருவதானாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கே இல்லாத உரிமை தரகருக்கு எங்கிருந்து வரும்? அதன் பிறகு சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை மட்டுமே வீடு காட்டுவது, முந்தின நாள் காலைக்குள் வாட்ஸ்அப்பில் தெரிவிப்பது, நானோ தங்கையோ உடன் இருப்பது என்று வாடகைதாரரோடு பேசி முடிவு செய்தோம். வீடு பார்க்க வருபவர்கள் கூரையில் கசிவு உண்டா, தண்ணீர் வரத்து எப்படி என்றெல்லாம் குடியிருப்பவரைத்தான் கேட்பார்கள். மனக்கசப்போடு இருப்பவரின் ஒரு சொல் விலையில் ஒரு லட்சத்தைக் குறைத்துவிடும் என்பதை, கொஞ்சம் சுயநலமாகவே, ஒப்புக்கொள்கிறேன்.

மார்கழி முழுவதும் யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. தை பிறந்த பிறகு, தாமே குடியேற விரும்பிய ஒரு தம்பதியோடு விலை முடிந்தது. ஜனவரி கடைசியில் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தோம். அதில் வீட்டில் வாடகைதாரர் இருப்பதையும், அவருடைய ஒப்பந்த முடிவுத் தேதியையும், ஏப்ரல் 30 வரை அவருக்கு நீட்டிப்புக் கொடுத்திருப்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டு, கிரயத்தை மே 20க்குள் முடிப்பதாகவும், வீடு காலியாவது தாமதமானால் மேலும் முப்பது நாள் அவகாசம் என்றும் எழுதினோம். அந்த முப்பது நாளுக்கு வாங்குபவர் எளிதில் சம்மதிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வாடகைதாரர் காலி செய்யாமல் இருந்தால், சட்டம் அதை மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாக, அதிகபட்சம் ஆறு மாதம் வரை, புதுப்பிக்கப்பட்டதாகவே கருதுகிறது. அவருடைய நல்லெண்ணத்தை நம்பித்தான் நாங்கள் தேதி கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதால், ஒரு மாதத்து இடைவெளியாவது இல்லாமல் கையெழுத்துப் போட எனக்குத் துணிவில்லை.

காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற கதைகளை எல்லோரும் கேட்டிருப்போம். அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிட்டு அவற்றைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று பெருமை பேச வரவில்லை. போக வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டது அட்வான்ஸ் பணம்தான் என்று சொல்ல வருகிறேன்.

வாடகைதாரரின் கவலை முழுவதும் அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில்தான் இருந்தது, அது நியாயமும்கூட. மாத வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள இடம் தருகிறது. எங்களுடையது ஐந்து மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் புது வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்பது பழைய வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே அல்லவா? சட்டத்தின் ஒரு மாதத்துக்காகக் காத்திருந்தால், நடுவில் அவர் வேறு எங்காவது கடன் வாங்க வேண்டியிருக்கும். கடன் கிடைக்காவிட்டால் வீடு மாறவே முடியாது. விற்பனையைத் தாமதப்படுத்துவது வாடகைதாரரின் பிடிவாதம் என்று நாம் நினைப்பதில் பாதி, இந்தப் பண இடைவெளிதான்.

எங்களிடமும் அந்தப் பணம் தனியாக இருக்கவில்லை, எப்போதோ செலவாகிவிட்டது. வாங்குபவர் கொடுத்த முன்பணம் வந்ததும் முதல் வேலையாக ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை வேறு கணக்கில் ஒதுக்கினோம். மார்ச் 10 அன்று அவர் ஆதம்பாக்கத்தில் வீடு பார்த்து முடித்ததாகச் சொன்னபோது 50 ஆயிரத்தை வங்கிக் கணக்கில் அனுப்பி, அது அட்வான்ஸில் ஒரு பகுதி என்று இருவரும் கையெழுத்திட்ட ரசீது எழுதிக்கொண்டோம். ஏப்ரல் மாத வாடகையை அவர் வழக்கம்போல் கட்டினார். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன், ஆனால் கணக்கு கொஞ்சம் சிக்கலாகியிருக்கும்.

குடியிருப்பவரோடு சேர்த்தே வீடு கைமாறியிருந்தால் இந்த இடத்தில் வேறு ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கும். அட்வான்ஸ் தொகையைக் கிரய விலையில் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தரும் பொறுப்பை இனி வாங்கியவர் ஏற்கிறார் என்று விற்றவர், வாங்கியவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திட்ட கடிதம் அது. அது இல்லாமல் போனால், ஓராண்டு கழித்துக் காலி செய்யும்போது "பணத்தை யாரிடம் கொடுத்தீர்களோ அவரிடம் கேளுங்கள்" என்று புதியவர் சொல்வார், பழையவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். வாடகையையும் எந்தத் தேதி முதல் யாரிடம் கட்டுவது என்று அதில் எழுதிவிடலாம். வீடு கைமாறியது தெரியாமல் பழைய வீட்டுக்காரரிடம் கட்டிய வாடகையை மறுபடி கட்ட வேண்டியதில்லை என்று 109ஆம் பிரிவு பாதுகாப்புத் தந்தாலும், தெரியாது என்பதை நிரூபித்துக்கொண்டிருப்பதைவிடக் கையில் ஒரு கடிதம் இருப்பது மேல்.

போக்கியத்துக்கு இருப்பவர்களின் நிலை இன்னும் கடுமையானது. மாத வாடகை இல்லாமல் ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு இருக்கிறார்கள். அந்தப் பத்திரம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும், வாங்குபவரும் அதைத் தீர்க்காமல் கிரயம் செய்ய மாட்டார். பதிவாகாத வெறும் முத்திரைத்தாள் என்றால் வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட இருக்காது. அப்படிப்பட்டவர்களிடம் விற்பனைச் செய்தியைச் சொல்லும் வீட்டுக்காரர், பணம் எந்த நாளில் எந்த வழியில் திரும்பும் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது கிரய நாளன்று, வாங்குபவர் தரும் தொகையிலிருந்து, வரைவோலையாக நேரே குடியிருப்பவர் பெயருக்கு எடுக்கப்படுவதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

எங்கள் வாடகைதாரர் சித்திரை பிறந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, ஏப்ரல் 26 அன்று சாமான்களை ஏற்றினார். 28ஆம் தேதி நானும் தங்கையும் வீட்டைப் பார்வையிடப் போனோம். ஒப்பந்தத்தில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வாங்கியவர்கள் சுவரை இடித்துச் சமையலறையையே மாற்றப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நடக்கப்போகாத வெள்ளையடிப்புக்கு 22 ஆயிரம் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஒப்பந்தம் இடம் கொடுத்தாலும். மின் கட்டணம் மட்டுமே மிச்சம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு என்பதால், மீட்டரை இருவரும் படம் எடுத்து, கடைசிக் கணக்கெடுப்புக்குப் பிறகு ஓடிய அலகுகளுக்கு 1,840 ரூபாய் என்று மதிப்பிட்டோம். மீதி 60 ஆயிரத்தில் அது போக 58,160 ரூபாயை அங்கேயே அனுப்பினேன். சாவிகள், நீட்டிப்புக் கடிதத்தின் நகல், பாக்கி எதுவும் இல்லை என்ற ரசீது எல்லாம் கைமாறின. சமையல் எரிவாயு இணைப்பை மாற்றிவிட்டதாகவும், ஆதார் முகவரியை மட்டும் இன்னும் மாற்றவில்லை, ஏதாவது தபால் வந்தால் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

மே 14 அன்று கிரயம் பதிவானது. அடுத்த வாரம் வந்த மின் கட்டணம் எங்கள் மதிப்பீட்டைவிட 75 ரூபாய் அதிகமாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பழைய பழக்கத்தில் மின் வாரியச் செயலியில் அவரே பார்த்துவிட்டு, அன்று மாலையே அந்த 75 ரூபாயை அனுப்பி வைத்திருந்தார்.